காசநோய் மருந்துக்கு அடங்காத காய்ச்சல்: பூஞ்சைப் பரிசோதனை எங்கே செய்யலாம்?

கோத்தகிரியில் என் சித்தப்பாவுக்கு எக்ஸ்ரேயில் நுரையீரல் நிழல் தெரிந்தது. சளியில் காசநோய்க் கிருமி இல்லை. படத்தை வைத்தே காசநோய் மருந்து கொடுத்தார்கள். காய்ச்சல் விடவில்லை, எடை இறங்குகிறது, இப்போது நாக்கில் ஆறாத புண் வேறு.

அதற்கு முன் அவர் வௌவால் அடைந்த பழைய கிடங்கைக் கூட்டியிருந்தார். வௌவால், பறவை எச்சம் ஊறிய மண்ணில் வளரும் ஹிஸ்டோபிளாஸ்மா பூஞ்சை தூசியோடு உள்ளே போனால் சிலருக்கு அப்படியே காசநோய் போலத் தெரியலாம். புண்ணில் சதை எடுத்து, பூஞ்சைக்கான சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்கிறார் புது மருத்துவர். பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்குச் சில வாரங்கள் ஆகுமாம்.

கோவைப் பக்கம் இவை இரண்டும் செய்யும் ஆய்வகம் தெரிந்தால் சொல்லுங்கள். அப்புறம், காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், பூஞ்சை மருந்தான இட்ரகோனசோலின் அளவை ரத்தத்தில் வெகுவாகக் குறைத்துவிடும். அதை நிறுத்தி இதற்கு மாறியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? உங்கள் மருத்துவர் எப்படி மாற்றினார்?