இரண்டு இடத்திலும் ERROR வருகிறது. ஒன்று துளையாம், இன்னொன்று தொலைத்தொடுகோடாம். ஏன்?

கடைசிபெஞ்ச்:
மூன்று நாளாக ஒரே கணக்கில் நிற்கிறேன். வரைபடம் வரையச் சொன்ன சார்பு இது:

```
f(x) = (x² − x − 6) / (x² − 9)
```

x = 3 போட்டால் பகுதி பூச்சியம். x = −3 போட்டாலும் பூச்சியம். கால்குலேட்டர் அட்டவணையில் இரண்டு இடத்திலும் ERROR என்றுதான் காட்டுகிறது. அதனால் இரண்டு இடத்திலும் விட்டுவிட்டுக் கோடு போட்டு, நிலைக்குத்துத் தொலைத்தொடுகோடு என்று எழுதி வைத்தேன். −3-க்கு மட்டும் சரி போட்டிருக்கிறார்கள். 3-ல் என் கோட்டை அடித்துவிட்டு, சிவப்பு மையில் ஒரு சின்ன வட்டம் வரைந்து, பக்கத்தில் "துளை" என்று எழுதியிருக்கிறார்கள்.

ஏன் என்று கேட்டேன். "காரணி வெட்டுப்படுகிறதே, கண்ணில் படவில்லையா?" என்று பதில் வந்தது. பட்டது. வெட்டினால் (x + 2)/(x + 3). அதில் 3 போட்டால் 5/6 வருகிறது. அப்படியென்றால் அங்கே மதிப்பு இருக்கிறதே, எதற்குத் துளை? மதிப்பு இல்லை என்றால் ஏன் தொலைத்தொடுகோடு இல்லை? பூச்சியத்தால் வகுப்பதில் நல்ல பூச்சியம், கெட்ட பூச்சியம் என்று இருக்கிறதா?

சட்டெனச்சொல்வேன்:
இதற்கா மூன்று நாள்? மேலும் கீழும் ஒரே காரணி இருந்தால் அது துளை. கீழே மட்டும் இருந்தால் தொலைத்தொடுகோடு. (x − 3) இரண்டு பக்கமும் இருக்கிறது, எனவே துளை. (x + 3) கீழே மட்டும், எனவே தொலைத்தொடுகோடு. தேர்வுக்கு இவ்வளவு போதும்.

கடைசிபெஞ்ச்:
விதி எனக்கும் தெரியும். அடுத்த கணக்கில் சரியாக எழுதிவிடுவேன். ஆனால் ஒரு காரணியை அடித்துவிட்டால் வரைபடம் ஏன் வானத்துக்குப் போகாமல் அமைதியாக இருக்கிறது என்பது தெரியவில்லை. நான் தாளில் அடிப்பது அந்தக் கோட்டுக்கு எப்படித் தெரியும்?

பழையநோட்டு:
தொலைத்தொடுகோட்டை வளைவு வெட்டவே வெட்டாது என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. மேலும் கீழும் உயர்ந்த படி 2, இரண்டின் கெழுவும் 1. ஆகவே y = 1 தொலைத்தொடுகோடு. இந்தக் கணக்கில் வளைவு அதை வெட்டாது. ஆனால் வேறு சார்புகளில் வெட்டும்.

கடைசிபெஞ்ச்:
நீங்கள் சொல்வது கிடைமட்டமானது ஐயா, நான் கேட்டது நிலைக்குத்தைப் பற்றி. ஆனால் y = 1-ஐ நான் வரையவே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. அதற்கும் மதிப்பெண் போயிருக்கும்.

சுண்ணக்கட்டி:
தம்பியோ தங்கையோ தெரியவில்லை, கேள்வி நல்ல கேள்வி. 3-ல் என்ன நடக்கிறது என்று 3-யிடமே கேட்டால் ERROR என்பதைத் தவிர அது எதுவும் சொல்லாது. வீடு பூட்டியிருந்தால் அக்கம்பக்கத்தில்தானே விசாரிப்போம்? 2.99, 3.01 இரண்டையும் போட்டுப் பாருங்கள். அப்படியே −3.01, −2.99. ஒரு நிபந்தனை: காரணி எதையும் வெட்டக் கூடாது. மேலே வருவதையும் கீழே வருவதையும் தனித்தனியாக எழுதுங்கள், கடைசியில் வகுக்கலாம்.

கடைசிபெஞ்ச்:
போட்டேன்.

```
   x       மேலே      கீழே      விடை
 2.99    −0.0499   −0.0599    0.83306
 3.01     0.0501    0.0601    0.83361
−3.01     6.0701    0.0601    101
−2.99     5.9301   −0.0599    −99
```

இதில் ஒன்று என்னை உலுக்கிவிட்டது. "கீழே" வரிசையைப் பாருங்கள். குறியை விட்டுவிட்டால் 3-க்கு அருகிலும் −3-க்கு அருகிலும் அதே 0.0599, அதே 0.0601! x² இருப்பதால் அப்படித்தான் வரும் என்பது பிறகு புரிந்தது. ஆனால் இத்தனை நாளும் நான் பகுதியையே முறைத்துக்கொண்டிருந்தேன். அது இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறது. வித்தியாசம் முழுக்க மேலே இருக்கிறது.

−3-க்குப் பக்கத்தில் மேலே கிட்டத்தட்ட 6 நிற்கிறது. 6-ஐ 0.06-ஆல் வகுத்தால் 100 பக்கம் போகத்தான் செய்யும். 3-க்குப் பக்கத்தில் மேலே இருப்பதும் சேர்ந்தே சுருங்குகிறது. சின்ன எண்ணைச் சின்ன எண்ணால் வகுக்கிறோம், விடை சாதாரணமாக வருகிறது.

சுண்ணக்கட்டி:
அதேதான். பகுதி பூச்சியமாவது "இந்த இடத்தில் புள்ளி இல்லை" என்று மட்டும் சொல்லும். அது இரண்டு இடத்துக்கும் பொது, கால்குலேட்டரும் அதைத்தான் சொன்னது. சுற்றியிருக்கும் புள்ளிகள் எங்கே போகின்றன என்பது மேலேயும் கீழேயும் இருப்பவற்றின் போட்டியில் முடிவாகிறது.

x = 3 + h என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள். மேலே h(h + 5), கீழே h(h + 6). உங்கள் 0.0501 வேறெதுவும் இல்லை, 0.01 × 5.01. 3-லிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறோமோ, மேலே அதில் ஏறக்குறைய ஐந்து மடங்கு, கீழே ஆறு மடங்கு. நெருங்க நெருங்க இரண்டும் தேய்கின்றன, விகிதம் தேய்வதில்லை. தாளில் நீங்கள் அடித்தது அந்தப் பொதுவான h-ஐத்தான். h பூச்சியம் இல்லாதவரை அடிக்கலாம். பூச்சியமானால் அடிக்க உரிமை இல்லை. அதனால்தான் வெட்டிய பிறகு x ≠ 3 என்று பக்கத்தில் எழுதச் சொல்கிறோம். 5/6 என்பது f(3) இல்லை. பக்கத்துப் புள்ளிகள் போகிற உயரம் அது, அந்த உயரத்தில்தான் வட்டம்.

நிரலி:
எனக்கும் இதில் ஒரு பழைய கடுப்பு உண்டு. வரைபடம் வரைய நானே ஒரு நிரல் எழுதினேன். −10-லிருந்து 0.06 இடைவெளியில் புள்ளிகளைக் கணக்கிட்டு, அடுத்தடுத்த புள்ளிகளைக் கோட்டால் இணைக்கும். இதே சார்பைக் கொடுத்தபோது −3-ல் பளிச்சென்று ஒரு செங்குத்துக் கோடு வந்தது. அடடா, தொலைத்தொடுகோட்டையும் தானே வரைகிறதே என்று பெருமைப்பட்டேன். உண்மையில் −3.04-ல் y = 26, அடுத்த புள்ளி −2.98-ல் y = −49. அந்த இரண்டையும் அது கண்ணை மூடிக்கொண்டு இணைத்திருக்கிறது! அந்தக் கோடு வரைபடத்தின் பகுதியே இல்லை. 3-ல் அதற்கு நேர்மாறு. 2.96-லிருந்து 3.02-க்குத் தாண்டிவிட்டது, துளை இருந்த சுவடே இல்லை. துளைக்கு அகலம் கிடையாதே, எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் தெரியாது. வட்டத்தை நாம்தான் கையால் போட வேண்டும்.

கடைசிபெஞ்ச்:
நான் பார்த்த படத்திலும் 3-ல் எதுவும் தெரியவில்லை. சிவப்பு வட்டம் தவறு என்றே முதலில் நினைத்தேன்.

சரி, அப்படியென்றால் மேலும் கீழும் சேர்ந்து பூச்சியமானால் துளை, கீழே மட்டும் ஆனால் தொலைத்தொடுகோடு. இப்படி வைத்துக்கொள்ளலாமா?

சட்டெனச்சொல்வேன்:
இதைத்தானே முதலிலேயே சொன்னேன்!

சுண்ணக்கட்டி:
இருவருக்கும் ஒரு கணக்கு: (x − 2)/(x − 2)². காரணி இரண்டு பக்கமும் இருக்கிறது. 2-ல் மேலும் பூச்சியம், கீழும் பூச்சியம். துளையா?

கடைசிபெஞ்ச்:
2.01-ல் 0.01/0.0001, அதாவது 100. 2.001-ல் 1000. 1.99-ல் −100. ஐயோ, இது ஓடுகிறது. தொலைத்தொடுகோடு!

மேலேயும் பூச்சியத்துக்குத்தான் போகிறது. ஆனால் கீழே இருப்பது அதைவிட வேகமாகப் போய்விடுகிறது. மேலே h, கீழே h². ஒரு h-ஐ அடித்த பிறகும் கீழே இன்னொரு h மிச்சம். ஆக பூச்சியமாகிறதா என்று பார்த்தால் போதாது, யார் முந்துகிறார்கள் என்று பார்க்க வேண்டும். தலைகீழாக (x − 2)²/(x − 2) என்று எழுதினால் மேலே h மிஞ்சும், அப்போது துளை x-அச்சின் மேலேயே, (2, 0)-ல் விழும். இதைப் போட்டுப் பார்க்காமலே சொல்கிறேன், சரிதானே?

சுண்ணக்கட்டி:
சரி.

சட்டெனச்சொல்வேன்:
வெட்டிய பிறகு கீழே அதே காரணி மிஞ்சுகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேர்வில் பெரும்பாலும் அப்படிக் கேட்பதில்லை.

பழையநோட்டு:
முதலில் கேள்வியைத் தவறாகப் படித்ததற்குப் பரிகாரமாக ஒன்று தருகிறேன். |x − 3|/(x − 3). மேலும் கீழும் பூச்சியம், வேகமும் சமம். 3-ல் என்ன?

கடைசிபெஞ்ச்:
3.01-ல் 1. 2.99-ல் −1. 3.001-லும் 1 தான், 2.999-லும் −1 தான். எங்கேயும் ஓடவில்லை, அதனால் தொலைத்தொடுகோடு இல்லை. ஆனால் வட்டத்தை எந்த உயரத்தில் போடுவது? வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று இரண்டு வட்டம் வருகிறதே.

சட்டெனச்சொல்வேன்:
இரண்டு துளை. அவ்வளவுதான்.

சுண்ணக்கட்டி:
இல்லை. ஒரே ஒரு புள்ளி வைத்து அடைத்தால் கோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், அப்போதுதான் அதைத் துளை என்பேன். முதல் கணக்கில் (3, 5/6) வைத்தால் ஒட்டிவிடும். இங்கே எந்தப் புள்ளியை வைத்தாலும் ஒரு பக்கம் அறுந்தே கிடக்கும். இது தாவல்.

சட்டெனச்சொல்வேன்:
இரண்டு முனையிலும் வெற்று வட்டம் வரைய வேண்டுமா, இல்லையா?

சுண்ணக்கட்டி:
வரையத்தான் வேண்டும்.

சட்டெனச்சொல்வேன்:
வெற்று வட்டம் வரைவீர்கள், ஆனால் துளை என்று சொல்ல மாட்டீர்கள். நல்ல நியாயம்!

கடைசிபெஞ்ச்:
நீங்கள் இருவரும் தொடருங்கள். நான் முதல் கணக்கைத் திரும்ப வரைந்துவிட்டேன். −3-ல் விட்டுவிட்டுக் கோடு, அதன் இடப்பக்கம் வளைவு மேலே போகிறது, வலப்பக்கம் கீழேயிருந்து வருகிறது. y = 1-க்கும் ஒரு கோடு. 3-ல் 5/6 உயரத்தில் வட்டம், இந்த முறை நீல மையில்.