புதுப்பிப்பு: அப்பாவின் கடைசி இரவு, நான்கு பக்கம் வந்திருக்கிறது

நான் கேட்டிருந்தது: "அப்பா இறந்த இரவை எழுத உட்கார்ந்தால் வெற்றுத்தாளைப் பார்த்ததுமே கை நின்றுவிடுகிறது. எங்கே தொடங்குவது?"

மூன்று வாரம் ஆகிவிட்டது. "கொட்டித் தீருங்கள், பாரம் இறங்கும்" என்றவர் பாதி சரி. முதல் நாள் இரண்டு மணி நேரம் கொட்டினேன். இரவு முழுக்கத் தூக்கமில்லை, மறுநாள் தாள் பக்கமே போகவில்லை. (இரங்கல் கடித மாதிரி அனுப்பிய நண்பருக்கும் நன்றி. நான் கேட்டது அதுவல்ல!)

கைகொடுத்தது, எழுத்துப் பட்டறை நடத்துபவர் சொன்னதுதான்: "இரவை எழுதாதீர்கள். அந்த அறையில் இருந்த ஒரு பொருளை எழுதுங்கள். பதினைந்து நிமிடம் அலாரம் வையுங்கள். அடித்ததும் வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்துங்கள்."

அப்பாவின் கண்ணாடியை எடுத்துக்கொண்டேன். ஒரு காம்பில் நூல் சுற்றியிருக்கும், இடது வில்லையில் கீறல். மூன்றாவது வரியில் "அதைக் கழற்றி ஜன்னலோரம் வைத்தது நான்தான்" என்று தானாக வந்தது. அதற்குப் பிறகு அந்த இரவு மெதுவாக உள்ளே வந்துவிட்டது. அலாரம் அடித்தபோது "கண்ணாடி இல்லாத முகம்" என்று பாதியில் நின்றேன். மறுநாள் தாள் வெறுமையாக இல்லை, அந்த வரியை முடித்தால் போதும் என்றிருந்தது.

அன்று நான் எடுக்காத அவருடைய போன் அழைப்பை மட்டும் இன்னும் எழுத முடியவில்லை. "நான்" என்பதை "அவன்" என்று மாற்றிப் பார்த்தேன். கை ஓடுகிறது, ஆனால் பொய் சொல்வதுபோல் இருக்கிறது. யாராவது இதைத் தாண்டியிருக்கிறீர்களா?