அம்மாவின் 15எச் படிவம்: 15, 16, 17-ஆம் கட்டங்களில் எழுதியது சரியா?

வளர்மதி

வணக்கம். அம்மாவுக்கு 71 வயது. 2025-26 நிதியாண்டுக்கு, வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று வங்கியில் 15எச் படிவம் கொடுக்க வேண்டும். நான்தான் நிரப்பியிருக்கிறேன், அம்மா இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அதற்குள் யாராவது பார்த்துச் சொன்னால் நல்லது.

அம்மாவின் வருமானம் இவ்வளவுதான். அப்பாவுக்குப் பிறகு வரும் குடும்ப ஓய்வூதியம் மாதம் 18,000. வங்கியில் மாதாமாதம் வட்டி தரும் எஃப்டி இரண்டு இருக்கின்றன, ஆண்டுக்கு 66,000, 44,000 என்று வரும். அதே வங்கியில் 6 லட்சத்துக்கு ஒரு எஃப்டி உண்டு. 2024 ஏப்ரல் 1 அன்று 7.25 சதவீதத்தில் 3 ஆண்டுக்குப் போட்டது, வட்டி கடைசியில் மொத்தமாக வரும். அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சம், 8.2 சதவீதம். சேமிப்புக் கணக்கில் ஏதோ 6,000 வட்டி வரும்.

நான் எழுதியிருப்பது:

4-ஆம் கட்டம், எந்த ஆண்டு: 2026-27
14(அ), வரி மதிப்பீடு செய்யப்பட்டவரா: இல்லை
15, எந்த வருமானத்துக்காக: 1,10,000
16, மொத்த வருமான மதிப்பீடு: 1,10,000
17, வேறு 15எச் கொடுத்தது: காலி

அஞ்சலகத்துக்கு இன்னும் எதுவும் கொடுக்கவில்லை, அடுத்த வாரம் போகலாம் என்றிருக்கிறேன். 2023-24 மதிப்பீட்டு ஆண்டுக்கு மட்டும் ஒரு தடவை ரிட்டர்ன் போட்டோம், பிடித்த வரியைத் திரும்ப வாங்குவதற்காக.

செந்தில்_கோவை

முதலில் ஒரு சந்தேகம். 2025 ஏப்ரலிலிருந்து மூத்த குடிமக்களுக்கு 1 லட்சம் வரை வட்டிக்கு டிடிஎஸ் கிடையாதே? 1,10,000 என்பது கொஞ்சம்தான் அதிகம். ஒரு எஃப்டி-யை வேறு வங்கிக்கு மாற்றிவிட்டால் படிவமே தேவைப்படாது.

இன்னொன்று, மொத்த வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் 15எச் கொடுக்கக் கூடாது. ஓய்வூதியமே 2,16,000 ஆகிறது, எல்லாம் சேர்த்தால் தாண்டிவிடும். எனக்குத் தெரிந்து உங்கள் அம்மா கொடுக்கவே முடியாது.

வளர்மதி

அய்யோ, அப்படியா? அப்படியானால் 10 சதவீதம் பிடித்துவிடுவார்களே.

ராகவன் (ஓய்வு பெற்ற வங்கியர்)

பதறாதீர்கள் அம்மா. செந்தில் சொன்ன 1 லட்சம் சரி, 4 லட்சம் இங்கே பொருந்தாது. அது 60 வயதுக்குக் குறைந்தவர்கள் கொடுக்கும் 15ஜி-க்கான கட்டுப்பாடு. அதில் வரி பூஜ்யமாக இருந்தாலும் போதாது, வட்டித் தொகையும் அடிப்படை விலக்குக்குள் இருக்க வேண்டும். 15எச்-இல் கேள்வி ஒன்றுதான்: எல்லா வருமானமும் சேர்த்துக் கணக்குப் போட்டால் கடைசியில் கட்ட வேண்டிய வரி பூஜ்யமா? 87ஏ தள்ளுபடியைக் கழித்த பிறகு பூஜ்யம் வந்தாலும் போதும். 2019-இல் படிவத்தின் குறிப்பிலேயே இதைச் சேர்த்துவிட்டார்கள்.

இப்போது உங்கள் கணக்கு. பெரிய சிக்கல் 15-ஆம் கட்டத்தில்தான். 6 லட்சம் எஃப்டி-யை விட்டுவிட்டீர்கள். கையில் வராத வட்டி என்று நினைத்திருப்பீர்கள். வங்கி அப்படிப் பார்க்காது. வட்டி சேரச் சேர அந்தந்த ஆண்டு வருமானமாகவே எடுத்துக்கொண்டு டிடிஎஸ் பிடிக்கும். காலாண்டுக் கூட்டுவட்டி என்று வைத்துக்கொண்டால் முதல் ஆண்டில் 6 லட்சம் 6,44,697 ஆகியிருக்கும். அதன் மேல் இந்த ஆண்டு வட்டி ஏறத்தாழ 48,000. ஆகவே 15-இல் 66,000, 44,000, 48,000 மூன்றும் சேர்ந்து 1,58,000 வர வேண்டும். 18-ஆம் கட்டத்தில் மூன்று எஃப்டி எண்களையும் தனித்தனி வரிசையில் எழுதி, பிரிவு என்ற இடத்தில் 194ஏ என்று போடுங்கள். வட்டியை நீங்களே கணக்குப் பார்த்தாலும் கிளையில் ஒரு முறை இந்த ஆண்டுக்கான வட்டி மதிப்பீட்டைக் கேட்டு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

சேமிப்புக் கணக்கின் 6,000 இந்த 15-இல் வராது, ஏனென்றால் அதற்கு டிடிஎஸ் பிடிப்பதில்லை. ஆனால் 16-இல் வரும். 16 என்பது அம்மாவின் முழு ஆண்டு வருமானம், இந்த வங்கியின் வட்டி மட்டும் அல்ல.

மீனாட்சி சுந்தரம்

ராகவன் சார், நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் அப்பாவுக்கு 76 வயது. போன வருடம் படிவம் கொடுக்கும் முன்பே வங்கி பிடித்துவிட்டது. பிறகு கொடுத்தோம், அப்போதும் பிடித்ததைத் திருப்பித் தரவில்லை. 15எச் கொடுத்துவிட்டால் பழையதையும் சேர்த்துத் தர வேண்டாமா?

ராகவன் (ஓய்வு பெற்ற வங்கியர்)

பிடித்து அரசுக்குக் கட்டியதை வங்கி எங்கிருந்து தரும்? பிடித்த வரி பதிவாகும் 26ஏஎஸ்-இல் அந்தத் தொகை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ரிட்டர்ன் போட்டுத்தான் வாங்க வேண்டும். வட்டி ஏறும் தேதியிலேயே பிடித்தம் நடக்கும் என்பதால்தான் ஏப்ரல் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள் என்கிறோம். போன ஆண்டுப் படிவம் மார்ச் 31-உடன் முடிந்துவிடும்.

சரி, வளர்மதி கணக்குக்கு வருகிறேன். குடும்ப ஓய்வூதியம் 2,16,000. புதிய வரி முறையில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, எது குறைவோ அது கழியும். மீதி 1,91,000. வங்கி வட்டி 1,58,000, அஞ்சலகம் 1,23,000, சேமிப்புக் கணக்கு 6,000. மொத்தம் 4,78,000. 16-இல் எழுத வேண்டியது இதுதான். 4 லட்சத்துக்கு மேல் உள்ள 78,000-க்கு 5 சதவீதம், 3,900 வரி. 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் அது பூஜ்யம். கொடுக்கலாம்.

பழைய முறையில் பார்த்தாலும் இதேதான். ஓய்வூதியத்தில் 15,000 மட்டும் கழியும், ஆனால் வட்டிக்கு 80டிடிபி-யில் 50,000 கழியும். 4,38,000 ஆகும். 5 லட்சத்துக்குள் என்பதால் அங்கேயும் பூஜ்யம். எந்த முறை என்று படிவம் கேட்பதே இல்லை, அது எனக்கு எப்போதும் ஒரு வேடிக்கை.

வளர்மதி

ரொம்ப நன்றி சார். 4, 14, 17 மூன்றும்?

ராகவன் (ஓய்வு பெற்ற வங்கியர்)

4-இல் 2025-26. வருமானம் வரும் ஆண்டைத்தான் கேட்கிறார்கள். 2026-27 மதிப்பீட்டு ஆண்டு, அது கீழே உறுதிமொழி வாக்கியத்தில் வரும். அங்கே மார்ச் 31, 2026-இல் முடியும் ஆண்டு, 2026-27 மதிப்பீட்டு ஆண்டு என்று இருக்க வேண்டும். இந்த இரண்டையும் மாற்றி எழுதிய படிவங்களை எத்தனையோ திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

14(அ)-வில் ஆம். முந்தைய ஆறு மதிப்பீட்டு ஆண்டுகளில் ஒன்றிலாவது இருந்தால் ஆம் என்று எழுத வேண்டும். (ஆ)-வில் 2023-24.

17-ஐக் காலியாக விடாதீர்கள். அஞ்சலகத்துக்கு இன்னும் கொடுக்கவில்லை என்பதால் வங்கிப் படிவத்தில் எண்ணிக்கை 0, தொகை 0. அடுத்த வாரம் அஞ்சலகத்தில் கொடுக்கும் படிவத்தில் 15-இல் 1,23,000, 16-இல் அதே 4,78,000, 17-இல் எண்ணிக்கை 1, தொகை 1,58,000. இரண்டு படிவத்திலும் 16 ஒரே எண்ணாக இருக்க வேண்டும், மாறக் கூடாது.

பாபு_வேலூர்

இவ்வளவு நுணுக்கமா? 16-இல் ஒரு 2 லட்சம் என்று போட்டுக் கொடுங்கள், யாரும் பார்ப்பதில்லை. நாங்கள் அப்படித்தான் கொடுக்கிறோம்.

ராகவன் (ஓய்வு பெற்ற வங்கியர்)

கவுன்ட்டரில் பார்க்க மாட்டார்கள், அது உண்மை. ஆனால் வங்கி ஒவ்வொரு படிவத்துக்கும் ஓர் எண் கொடுத்து, காலாண்டுக்கு ஒரு முறை வருமான வரித் துறைக்கு ஏற்றுகிறது. வட்டி முழுவதும் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையான ஏஐஎஸ்-இல் பான் வாரியாக வந்துவிடும். கையெழுத்துப் போடப்போவது வளர்மதியின் அம்மா, பொய் உறுதிமொழிக்கு 277-ஆம் பிரிவில் சிறை வரை இருக்கிறது. 71 வயதில் அவர்களுக்கு எதற்கு அந்த வம்பு?

கீதா_என்

என் மாமனார் வட்டியும் ஓய்வூதியமும் கழிவுகள் போக 9 லட்சம். போன மாதம் பங்கு மியூச்சுவல் ஃபண்ட் விற்றதில் நீண்ட கால லாபம் 2,25,000. மொத்தம் 12 லட்சத்துக்குள்தானே, அவரும் கொடுக்கலாமா?

ராகவன் (ஓய்வு பெற்ற வங்கியர்)

கவனம். போன மாதம் மார்ச் என்றால் அது போன நிதியாண்டு, இந்த ஆண்டுக் கணக்கிலேயே வராது. இந்த ஏப்ரல் 1-க்குப் பிறகு விற்றது என்றால் கொடுக்க முடியாது. லாபத்தில் 1,25,000 போக மீதி 1 லட்சத்துக்கு 12.5 சதவீதம், அதாவது 12,500 வரி, அதற்கு மேல் செஸ். இந்தச் சிறப்பு விகித வரிக்கு 87ஏ தள்ளுபடி பொருந்தாது. ஒரு ரூபாய் வரி வந்தாலும் 15எச் இல்லை.

வளர்மதி

இன்று கிளைக்குப் போனோம். நீங்கள் சொன்னபடிதான் எழுதினோம். கவுன்ட்டரில் இருந்த பெண் 4,78,000-ஐப் பார்த்துவிட்டு, 4 லட்சத்துக்கு மேல் போனால் வாங்கக் கூடாது என்றார். செந்தில் சொன்ன அதே காரணம்!

செந்தில்_கோவை

பார்த்தீர்களா? நான் மட்டும் இல்லை. :)

ராகவன் (ஓய்வு பெற்ற வங்கியர்)

படிவத்தின் குறிப்புகளில் 10-ஆவதைத் திறந்து காட்டுங்கள். 87ஏ தள்ளுபடிக்குப் பிறகு வரி பூஜ்யம் என்றால் வாங்கியே ஆக வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. அதற்கும் மசியவில்லை என்றால் மேலாளரைப் பாருங்கள். நெட் பேங்கிங் இருந்தால் அதில் பதிவு செய்துவிடலாம், ஆனால் அங்கே 18-ஆம் கட்டத்தில் மூன்று எஃப்டி-யும் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சமர்ப்பியுங்கள்.

வளர்மதி

மேலாளர் வாங்கிக்கொண்டார், நகலில் முத்திரையும் போட்டுத் தந்தார். இன்னொன்று மட்டும். அக்டோபரில் 44,000 தரும் எஃப்டி முதிர்கிறது, புதுப்பித்தால் எண் மாறுமாம். அதற்கு மறுபடி ஒரு 15எச் வேண்டுமா?

ராகவன் (ஓய்வு பெற்ற வங்கியர்)

சில வங்கி மென்பொருளில் ஒரு முறை கொடுத்தால் அந்த வாடிக்கையாளரின் எல்லா எஃப்டி-க்கும் பொருந்திவிடும். சிலவற்றில் பட்டியலில் உள்ள எண்களுக்கு மட்டும்தான். உங்கள் கிளையில் எப்படி என்று மேலாளரிடமே கேட்டுவிடுங்கள். மறுபடி கொடுப்பதாக இருந்தால் 17-இல் எண்ணிக்கை 2 ஆகிவிடும், வங்கி ஒன்று, அஞ்சலகம் ஒன்று.

மீனாட்சி சுந்தரம்

அப்படியானால் தொகை 2,81,000 என்று எழுத வேண்டுமா? முதிர்ந்த எஃப்டி-யின் மீதி வட்டி அதில் இரண்டு முறை வராதா?