கேரள லாட்டரிப் பரிசு: வேறு வருமானம் இல்லை, பிடித்த டிடிஎஸ் திரும்ப வருமா?

முருகேசன், ஜோகன்னஸ்பர்க்
வணக்கம். 2023லிருந்து இங்கே வேலை, இந்தியப் பாஸ்போர்ட். 2025 ஜனவரியில் லீவுக்குப் போனபோது பாலக்காட்டில் ஒரு கேரள லாட்டரி டிக்கெட் எடுத்தேன். 5 லட்சம் விழுந்தது. ஏஜெண்ட் கமிஷன் போக 4,50,000. அதில் டிடிஎஸ் 1,35,000 பிடித்துக்கொண்டு 3,15,000 என் என்ஆர்ஓ கணக்கில் போட்டார்கள். இது தவிர இந்தியாவில் எனக்கு வருவது என்ஆர்ஓ வட்டி 18,000 மட்டும்தான். அதிலும் 5,616 பிடித்தம்.

மொத்தம் 4,68,000. 2024-25க்கான புதிய முறையில் 3 லட்சம் வரை வரி இல்லை, மீதிக்கு 5 சதவீதம், செஸ் சேர்த்து 8,736. அப்படியானால் 1,31,880 திரும்ப வர வேண்டும். ITR-2 என்னவோ ரீஃபண்ட் 220 என்று காட்டுகிறது. ஏன்?

தேவி, டர்பன்
லாட்டரிக்கு ஏது வரி தம்பி? எங்க வீட்டுக்காரருக்கு லோட்டோவில் விழுந்தப்போ ஒரு சென்ட் கூடப் பிடிக்கலை. நல்லா விசாரிங்க, யாரோ ஏமாத்துறாங்க.

செந்தில், பிரிட்டோரியா
அக்கா, அவர் கேட்பது இந்திய வரி. முருகேசன், லாட்டரிப் பரிசுக்குத் தனிப் பிரிவு, 115BB, 30 சதவீதம், ஸ்லாப் கிடையாது. ஆனால் வருமானம் 7 லட்சத்துக்குக் கீழே இருப்பதால் 87A ரிபேட் 25,000 கேட்டுப் பாருங்கள். பணத்தைப் பற்றியும் கவலை வேண்டாம், என்ஆர்ஓவிலிருந்து வருஷத்துக்கு 10 லட்சம் டாலர் வரை இங்கே கொண்டுவரலாம்.

ரங்கநாதன், ஆடிட்டர், சாண்ட்டன்
செந்தில் சொன்னதில் முதல் பாதி சரி. 87A இந்தியாவில் ரெசிடெண்டாக இருப்பவர்களுக்கு மட்டும். முருகேசன் என்ஆர்ஐ, அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

முருகேசன், உங்கள் இரண்டு வருமானத்தையும் ஒரே பையில் போட்டுக் கூட்டாதீர்கள். வட்டி 18,000 ஸ்லாபுக்குள் போகிறது. அது 3 லட்சத்துக்கு உள்ளேதான் இருக்கிறது, வரி பூஜ்யம், பிடித்த 5,616 முழுவதும் உங்களுக்குத் திரும்ப வர வேண்டியது. லாட்டரிப் பணம் அந்த 3 லட்சத்தைத் தொடவே முடியாது. மீதி எவ்வளவு காலியாகக் கிடந்தாலும் முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம்: 1,35,000. அதன் மேல் 4 சதவீத செஸ் 5,400. ஆக 1,40,400.

என்ஆர்ஐக்கு டிடிஎஸ் பிடிக்கும்போதே செஸ்ஸையும் சேர்த்துப் பிடித்திருக்க வேண்டும். உங்களுக்கு வெறும் 30 மட்டும் பிடித்திருக்கிறார்கள். அந்த 5,400 பாக்கியை வட்டியின் 5,616லிருந்து கழித்தால் மிஞ்சுவது 216. பத்தின் மடங்காக்கி 220. திரை காட்டுவது சரியான தொகைதான்.

ஒன்று மட்டும் பாருங்கள். Schedule SI-யில் 115BB வரிசையில் வருமானம் 4,50,000, வரி 1,35,000 இரண்டும் நிற்க வேண்டும். சிலர் Schedule OS-இல் சாதாரண 'இதர வருமானம்' கட்டத்தில் போட்டுவிடுகிறார்கள். ஸ்லாப் விழும், லட்சக்கணக்கில் ரீஃபண்ட் காட்டும், மனசும் குளிரும். ஆனால் உங்கள் பெயரில் பிடித்த வரியெல்லாம் பதிவாகும் 26AS-இல் அதே தொகை 194B, அதாவது லாட்டரிப் பிடித்தம், என்று உட்கார்ந்திருக்கிறது. ஒப்பிட்டதும் நோட்டீஸ் வரும். டிக்கெட் விலை, அதுவரை விழாமல் போன டிக்கெட்டுகளின் செலவு, எதையும் கழிக்க முடியாது.

முருகேசன், ஜோகன்னஸ்பர்க்
Schedule SI-யில் நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. நன்றி சார். அந்த 10 லட்சம் டாலர் விஷயம்? இங்கே வீட்டுக்கு முன்பணம் கட்ட நினைத்திருந்தேன்.

ரங்கநாதன், ஆடிட்டர், சாண்ட்டன்
அதுதான் எனக்கு வரியைவிடப் பெரிய கவலை. அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின் 2000ஆம் வருஷத்து நடப்புக் கணக்கு விதிகளில், வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாதவை என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் முதலாவதே லாட்டரிப் பரிசுதான். வரி கட்டிய பணமாக இருந்தாலும் போகாது. அனுப்பும்போது பணம் எங்கிருந்து வந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள், அங்கே மாற்றி எழுதாதீர்கள். ஊரிலேயே செலவு செய்யுங்கள், கடன் இருந்தால் அடைத்துவிடுங்கள்.

பாலா, சாட்ஸ்வொர்த்
நான் இங்கே வந்து பத்து வருஷத்துக்கு மேல். போன லீவில் எனக்கும் சின்னதாக ஒன்று விழுந்தது. தேவி அக்கா சொல்வதுபோல் இங்கே வரித்துறைக்கு, சார்ஸுக்கு, காட்ட வேண்டாம்தானே?

ரங்கநாதன், ஆடிட்டர், சாண்ட்டன்
அக்கா வீட்டில் விழுந்தது இந்த நாட்டு லோட்டோ. சூதாட்டம், லாட்டரிக்கு இங்கே மூலதன ஆதாய விலக்கு உண்டு, ஆனால் தென்னாப்பிரிக்கச் சட்டப்படி அனுமதி பெற்று நடப்பவற்றுக்கு மட்டும். கேரளா அதில் வராது. முருகேசன் வந்து சில வருஷம்தான், நாள் கணக்குப்படி இன்னும் இங்கே ரெசிடெண்ட் ஆகவில்லை. நீங்கள் ஆகியிருப்பீர்கள். தொகை எவ்வளவு, இந்தியாவில் எவ்வளவு பிடித்தார்கள்?

பாலா, சாட்ஸ்வொர்த்
சர்டிஃபிகேட் அண்ணனிடம் இருக்கிறது. வாங்கிப் பார்த்துச் சொல்கிறேன்.

முருகேசன், ஜோகன்னஸ்பர்க்
சார், பணத்தை அப்பாவுக்குக் கொடுத்து, அவர் தன் கணக்கிலிருந்து எனக்கு அனுப்பினால்?

ரங்கநாதன், ஆடிட்டர், சாண்ட்டன்
அந்த வழியை நான் சொல்லித்தர மாட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதி உங்கள் வங்கியிடம் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள்.