நாள் எண்ணும்போது கடைசி நாளும் சேருமா: ஒரு சொல் தேவை

ஹட்டனிலிருந்து

எல்லோருக்கும் வணக்கம். தோட்ட வேலையை விட்டு நின்றவர்களுக்குப் பணிக்கொடைக் கணக்குப் பார்த்துக் கொடுக்க எங்கள் உதவி மேசையில் ஒரு விரிதாள் இருக்கிறது. அதைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். தொடக்கத் திகதி, முடிவுத் திகதி, அவற்றுக்குக் கீழே ஒரு கட்டம். கட்டத்தில் சரி போட்டால் முடிவு நாளும் கணக்கில் சேரும், போடாவிட்டால் சேராது. "முடிவுத் திகதியை உள்ளடக்கு" என்று எழுதி வைத்தேன். மேசைக்கு வந்த அக்கா ஒருவர் அதை வாசித்துவிட்டு, "எதுக்குள்ள அடக்கணும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இதை ஏன் சின்ன விஷயமாக விடமுடியாது என்றால், போன வாரம் வந்த ஒருவர் 2019 மார்ச் 1 வேலைக்குச் சேர்ந்தவர். 2024 பெப்ரவரி 29 அவருடைய கடைசி நாள், அன்றும் செக்ரோலில் பேர் விழுந்திருக்கிறது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி பணிக்கொடைக்கு ஐந்து முழு வருடம் வேண்டும். நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம், ஆக ஐந்து வருடத்துக்கு 70 நாள் சம்பளம். கட்டத்தில் சரி போடாமல் பார்த்தால் விரிதாள் 4 வருடம் என்கிறது. போட்டால் 5. அந்தக் கட்டத்துக்குப் பெயர் என்ன வைக்கலாம்?

பதுளையிலிருந்து

அக்கா, இதற்குச் சொல்லே தேவையில்லை. லயத்தைப் பாருங்கள். வரிசையில் ஆறு காம்பரா இருந்தால் சுவர் ஏழு. திகதி என்பது சுவர் மாதிரி, கழித்தால் காம்பராதான் வரும். அதனால் வந்த விடையோடு எப்போதும் ஒன்று கூட்டிவிடுங்கள். கட்டத்தைத் தூக்கிவிட்டு "+1" என்று போட்டால் போதும். உங்கள் ஆளுக்கும் 4 + 1 = 5, சரியாகத்தானே வருகிறது.

கண்டியிலிருந்து

> வந்த விடையோடு எப்போதும் ஒன்று கூட்டிவிடுங்கள்

தம்பி, லயக் கணக்கு அழகாக இருக்கிறது, நானும் இனி அதைத்தான் சொல்லிக்கொடுப்பேன். ஆனால் "எப்போதும்" என்றது பிழை. அதே 2019 மார்ச் 1 சேர்ந்த இன்னொருவர் 2023 ஜூலை 10 நின்றுவிட்டார் என்று வையுங்கள். விரிதாள் 4 என்று சொல்லும், அதுதான் சரி. நீங்கள் சொன்னபடி ஒன்று கூட்டினால் அவருக்கும் 5 வந்துவிடும். முதல் ஆளுக்கு உங்கள் விடை சரியாக வந்தது தற்செயல். ஒன்றை விடையோடு கூட்டக்கூடாது, முடிவுத் திகதியோடு கூட்ட வேண்டும்:

```
=DATEDIF(A2, B2, "Y")      → 4
=DATEDIF(A2, B2+1, "Y")    → 5
```

பெப்ரவரி 29 முடிந்து மார்ச் 1 விடிகிற நேரத்தில் ஐந்து வருடம் நிறைகிறது. சூத்திரத்துக்கு நாம் சொல்ல வேண்டியது அந்த விடிகிற நேரத்தை. நாட்களாகப் பார்த்தாலும் அதே கதை. கழித்தால் 1826, கடைசி நாளையும் சேர்த்தால் 1827.

இன்னொரு இடத்திலும் வழுக்கும். அதே விரிதாளில் வார நாட்களை எண்ணுகிற `NETWORKDAYS` இரண்டு முனை நாளையும் தானாகவே சேர்த்துக்கொள்ளும். `DAYS` சேர்க்காது. பழக்க தோஷத்தில் முன்னதோடும் ஒன்று கூட்டினால் ஒரு நாள் இலவசம். புதிதாக எந்தச் சூத்திரத்தை எடுத்தாலும் நான் முதலில் இரண்டு கட்டத்திலும் ஒரே திகதியைப் போட்டுப் பார்ப்பேன். 0 வந்தால் அது காம்பராவை எண்ணுகிறது, 1 வந்தால் சுவரை. ஆனால் `NETWORKDAYS`க்கு ஞாயிற்றுக்கிழமையைப் போட்டுப் பார்க்காதீர்கள், எப்படியும் 0தான் வரும்.

நுவரெலியாவிலிருந்து

நல்ல நேரத்தில் இந்தப் பேச்சை எடுத்தீர்கள். எனக்கும் இதே தலையிடிதான். ஏப்ரல் சீசனுக்கு 12ஆம் திகதி வந்து 15ஆம் திகதி காலையில் அறையை விடுகிறவர்கள் "நாலு நாள்தானே தங்கினோம்" என்று நாலு நாள் சாப்பாடு கேட்கிறார்கள், காசு கொடுக்கும்போது மட்டும் மூன்று நாள் என்கிறார்கள். இதற்குச் சட்டத்தில் ஏதாவது இருக்கிறதா?

பண்டாரவளையிலிருந்து

நுவரெலியா நண்பருக்குச் சட்டம் தேவையில்லை, பற்றுச்சீட்டில் "3 இரவு" என்று எழுதினால் போதும். இரவை எண்ணும்போது முனைப் பிரச்சினை வராது.

சொல்லுக்கு வருகிறேன். நம் பாடப்புத்தகத்தில் சொல் இருக்கும்போது ஏன் புதிதாகத் தேட வேண்டும்? "வகுப்பாயிடை" படிக்காமல் யாரும் சாதாரண தரம் தாண்டுவதில்லை. முனைகள் இரண்டும் சேர்ந்தால் அது மூடிய ஆயிடை, இரண்டும் சேராவிட்டால் திறந்த ஆயிடை, ஒரு முனை மட்டும் சேர்ந்தால் அரைத் திறந்த ஆயிடை. கட்டத்துக்கு "மூடிய ஆயிடை" என்று பெயர் வைத்தால் பொருள் பிசகாது.

தலவாக்கலையிலிருந்து

சேர் சொல்வது வகுப்பறைக்குச் சரி. எங்கள் ஆட்கள் மேசையில் "மூடிய" என்று பார்த்தால் ஆபீஸ் பூட்டிவிட்டார்கள் என்று திரும்பிப் போய்விடுவார்கள்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் தோட்டத்தில் கிளார்க்காக இருந்தவன். இரண்டு கணக்கும் எங்களிடம் பக்கத்துப் பக்கத்திலேயே இருந்தது, யாரும் குழம்பவில்லை. ஒரு மலையில் திங்கட்கிழமை கொழுந்து எடுத்து, திரும்ப அடுத்த திங்கட்கிழமை எடுத்தால் அது ஏழு நாள் ரவுண்ட். எட்டு நாள் என்று கங்காணி ஒருவரும் சொல்லமாட்டார். கொழுந்து வளர எத்தனை நாள் கடந்தது என்பதுதான் அங்கே கேள்வி. அதே தோட்டத்தில் ஒரு பெண் 1ஆம் திகதி முதல் 10ஆம் திகதி வரை ஒருநாளும் தவறாமல் வேலைக்கு வந்தால் செக்ரோலில் அவளுக்குப் பத்துப் பேர் விழும். பத்திலிருந்து ஒன்றைக் கழித்து ஒன்பது பேர் போட்டுப் பாருங்கள், மறுநாள் பிரட்டுக்களத்திலேயே விசாரணை நடக்கும். அங்கே எத்தனை நாளில் அவள் கால் வைத்தாள் என்பது கேள்வி.

எங்கள் வீட்டில் கருமாதியும் இந்த இரண்டாவது கணக்குத்தான். இறந்த நாளே முதல் நாள். 1ஆம் திகதி இறந்தவருக்கு 16ஆம் நாள் 16ஆம் திகதி வரும், கடந்தது பதினைந்து நாள்தான்.

அதனால் மகள், ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும். "கடந்த நாள்", "தொட்ட நாள்" என்று வையுங்கள். திங்கள் முதல் அடுத்த திங்கள் வரை கடந்த நாள் ஏழு, தொட்ட நாள் எட்டு. விளக்கம் சொல்லாமலே விளங்கும்.

கண்டியிலிருந்து, இன்னொருவர்

நான் யாழ்ப்பாணத்தாள், வேலைக்காகக் கண்டியில் இருக்கிறேன். ஐயாவின் சோடி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் "முதல்... வரை" என்பதையே யாரும் கேள்வி கேட்கவில்லையே? "10ஆம் திகதி வரை விண்ணப்பிக்கலாம்" என்றால் 10ஆம் திகதியும் கொடுக்கலாம் என்றுதான் எல்லோரும் எடுப்பார்கள். "பொங்கல் வரை மழை இல்லை" என்றால் பொங்கலன்று பெய்ததா இல்லையா? எங்கள் ஊரில் இன்னும் மோசம். "வெள்ளி மட்டும் லீவு" என்றால் வெள்ளிக்கிழமை வரைக்கும் லீவு என்று நான் சொல்லுவேன், இங்கே அலுவலகத்தில் வெள்ளி ஒருநாள்தான் லீவு என்று எடுத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமையே என்னைத் தேடியிருக்கிறார்கள். ஆகவே கட்டத்தின் பெயரில் "வரை"யும் வேண்டாம், "மட்டும்" கண்டிப்பாக வேண்டாம். "உட்பட", "நீங்கலாக" இரண்டும் சந்தேகம் இல்லாத சொற்கள். "கடைசி நாள் உட்பட" என்று போடலாம்.

பண்டாரவளையிலிருந்து

"உட்பட" நல்லது, ஏற்கிறேன். ஆனால் அது கட்டத்துக்கான வாசகம், கலைச்சொல் அல்ல. "தொட்ட நாள்" பெயரெச்சம், அகராதியில் தலைச்சொல்லாக நிற்காது. வேண்டுமானால் வினைத்தொகையாக "தொடுநாள்", "கடநாள்" என்று சுருக்கலாம்.

கண்டியிலிருந்து, இன்னொருவர்

சேர், "தொடுநாள்" என்றால் எங்கள் ஆச்சி தொடக்கு வீட்டுக் கணக்கு என்று நினைப்பார்.

கண்டியிலிருந்து

சிரித்துவிட்டேன். சொல் எதுவானாலும், இரண்டு எண்ணிக்கைக்கும் இரண்டு சொல் வேண்டும் என்று ஐயா சொன்னதை நான் முழுசாக ஆதரிக்கிறேன். கூட்டும்போது அவை நடந்துகொள்வதும் வேறு. 1 முதல் 10, 10 முதல் 20 என்று ஒரு காலத்தை இரண்டாக வெட்டினால் கடந்த நாள் 9 + 10 = 19, முழுசாகப் பார்த்தாலும் 19. தொட்ட நாள் 10 + 11 = 21, ஆனால் முழுசாக 20தான். வெட்டிய இடத்தில் இருக்கும் 10ஆம் திகதி இரண்டு தடவை எண்ணப்பட்டுவிட்டது. ஒருவர் இரண்டு தோட்டப் பிரிவில் வேலை செய்து கணக்கு இரண்டு வரியில் இருந்தால் இது அப்படியே வரும்.

ஹட்டன் தங்கச்சி, விரிதாளை இணையப் பக்கமாக மாற்றும் எண்ணம் இருந்தால் ஒன்று மட்டும். ஒரு நாள் குறைந்தாலே முனை நாளில்தான் பிழை என்று முடிவு கட்டாதீர்கள். 1996இல் இலங்கையின் நேரம் மாறியது, 2006இல் பழைய நேரத்துக்குத் திரும்பியது. இடையில் பெரும்பகுதிக் காலம் நாம் அரை மணி முன்னால் இருந்தோம். 1990 ஜனவரி 1 முதல் 2000 ஜனவரி 1 வரை கடந்தது 3652 நாள். உலாவியில் இலங்கை நேரத்தை வைத்து இப்படி எழுதினால்:

```
a = new Date(1990, 0, 1)
b = new Date(2000, 0, 1)
Math.floor((b - a) / 86400000)
```

3651 வரும். நள்ளிரவுக்கும் நள்ளிரவுக்கும் இடையில் அரை மணி குறைகிறது, `Math.floor` அந்தக் கடைசி நாளையே வெட்டிவிடுகிறது. அந்தக் காலத்தில் நின்ற பழைய ஆட்களின் கணக்கில்தான் இது தெரியும். 2006க்குப் பிறகு நின்றவர்களுக்கு வராது, அதனால் சோதித்தாலும் கண்ணில் படாது. `Math.round` போட்டால் தப்பலாம்.

பதுளையிலிருந்து

"எப்போதும்" என்றதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் லயம் என்னுடையது, சொற்பட்டியலில் எங்காவது வர வேண்டும்.

ஹட்டனிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. சொற்பட்டியலில் இப்போதைக்கு "கடந்த நாள்", "தொட்ட நாள்" இரண்டையும் ஐயா சொன்னபடியே போட்டிருக்கிறேன். சேரின் மறுப்பையும் பக்கத்தில் குறித்துவிட்டேன். லயமும் இருக்கிறது, தம்பி.

விரிதாளில் கலைச்சொல் எதையும் வைக்கவில்லை. கட்டத்துக்குப் பக்கத்தில் "கடைசி நாளும் வேலை செய்தாரா?" என்று எழுதி, ஏற்கெனவே சரி போட்டு வைத்திருக்கிறேன். அந்த அக்காவையே கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். "ஓம், அன்னைக்கும் கொழுந்து எடுத்தேன்" என்று எனக்கே பதில் சொன்னார். பழைய வரிகளைத் திரும்ப ஓட்டிப் பார்த்ததில் இன்னும் இரண்டு பேருக்கு 4 என்பது 5 ஆகிறது. ஒருவருக்குச் சொல்லிவிட்டேன், மற்றவர் போன் எடுக்கவில்லை.

தலவாக்கலையிலிருந்து

மகள், ஏற்கெனவே சரி போட்டு வைத்தது யோசிக்க வேண்டிய விஷயம். நின்ற திகதி என்று சிலர் கடிதம் கொடுத்த நாளைச் சொல்வார்கள், சிலர் கடைசியாகப் பேர் விழுந்த நாளுக்கு மறுநாளைச் சொல்வார்கள். மறுநாளைச் சொன்னவருக்கு உங்கள் கட்டம் ஒரு நாள் கூட்டிக் கொடுக்கும். தோட்டத்தில் செக்ரோலைக் கேட்டுப் பார்த்துவிட்டுத் திகதியைப் போடுங்கள். அந்த இரண்டாவது ஆள் எந்தத் தோட்டம்? எனக்குத் தெரிந்தவராக இருந்தால் வீட்டுக்கே போய்ச் சொல்கிறேன்.