முதல் பெட்டி வழிகிறது, என்ன செய்வது?

முத்தியால்பேட்டை: அட்டைப் பெட்டி முறையில் பிரெஞ்சு படிக்கிறேன், ஒரு மாதம் ஆகிறது. அட்டையில் உள்ளதைச் சரியாகச் சொன்னால் அடுத்த பெட்டிக்கு, தப்பானால் முதல் பெட்டிக்கு. முதல் பெட்டியில் மட்டும் 140 அட்டை. தினமும் பார்த்தாலும் குறையவில்லை. டிசம்பரில் தேர்வு. அவசரம்.

ஓ.டி.கடலூர்: எத்தனை பெட்டி? தினம் புதிதாக எத்தனை சேர்க்கிறீர்கள்? அட்டையில் என்ன எழுதுகிறீர்கள்?

மஞ்சக்குப்பம்: பெரிய டப்பா வாங்குங்க. ஸ்வீட் கடையில ஒரு கிலோ டப்பா கேட்டா சும்மா தருவாங்க. நான் குரூப் 4க்கு அதிலதான் வச்சிருக்கேன்.

லாஸ்பேட்டை: தப்பானால் முதல் பெட்டிக்கே தள்ளுவதுதான் கோளாறு. ஒரு பெட்டி மட்டும் பின்னால் தள்ளுங்கள், தானாகக் குறையும்.

பழைய உறுப்பினர்: இந்தப் பெட்டி முறையைச் சொன்ன லைட்னர் 1972இல் எழுதியதை யாராவது படித்திருந்தால் இந்தக் கேள்வியே வராது. அவர் நாள்கணக்கு சொல்லவில்லை. 1, 2, 5, 8, 14 செ.மீ. அகலத்தில் ஐந்து அறை; அறை நிறைந்தால்தான் அதைப் பார்க்க வேண்டும்.

லாஸ்பேட்டை: 1972லேயே இருங்கள் சார். இப்போது எல்லாவற்றையும் போனில் ஆங்கி செயலி பார்த்துக்கொள்ளும்.

பழைய உறுப்பினர்: கையால் எழுதும்போதே பாதி மனதில் ஏறும். போனில் தட்டுகிறவர்களுக்கு அது புரியாது.

முத்தியால்பேட்டை: ஐந்து பெட்டி. 1, 2, 4, 8, 16 நாள் இடைவெளியில் பார்க்கிறேன். தினம் 30 புது அட்டை. பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி எழுதுகிறேன். வினைச்சொல்லுக்கு ஆறு வடிவமும் ஒரே அட்டையில்.

ஓ.டி.கடலூர்: சரி, இப்போது புரிகிறது. ஒரு அட்டைகூடத் தப்பாகாவிட்டாலும் ஒவ்வொன்றும் ஐந்து பெட்டியையும் தாண்ட வேண்டும், ஆகவே மாதக் கடைசியில் தினம் 30 பெருக்கல் 5, அதாவது 150 அட்டை பார்த்தாக வேண்டும். இடைவெளியை நீட்டினால் அந்தச் சுமை தள்ளித்தான் போகும், குறையாது. ஒரு பெட்டி பின்னால் தள்ளினால் முதல் பெட்டி கொஞ்சம் காலியாகும், ஆனால் தெரியாத அட்டை நடுவில் ஒளிந்துகொள்ளும். அந்த ஒரு செ.மீ. விஷயத்தில் பெரியவர் சொல்வது சரிதான், முதல் அறை நிறைந்தால் புது அட்டைக்கு அங்கே இடமே இல்லை. முதலில் புதியதை நிறுத்துங்கள். ஒரு வாரம், தப்பாகும் ஒவ்வொரு முறையும் அட்டை மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளி எல்லா அட்டையிலும் பரவியிருந்தால் அளவுதான் அதிகம், சில அட்டையிலேயே குவிந்தால் அந்த அட்டைதான் சரியில்லை.

மஞ்சக்குப்பம்: எனக்கும் ஒரு அட்டை 12 தடவை வந்துச்சு. மொத்த மாவட்டத் தலைநகரமும் ஒண்ணுலயே எழுதியிருந்தேன்!

முத்தியால்பேட்டை (9 நாள் கழித்து): மூன்று புள்ளிக்கு மேல் 23 அட்டை, பெரும்பாலும் வினைச்சொல். 'அவ்வார்' அட்டையில் நான்கு வடிவம் சொல்லிவிட்டு 'நூ ஸாவோன்', 'வூ ஸாவே' இரண்டில் மாட்டுகிறேன், ஆறும் தப்புக் கணக்கில் போகிறது. பிரித்து எழுதினால் அட்டை கூடுமே?

ஓ.டி.கடலூர்: மாட்டும் அந்த இரண்டை மட்டும் தனியாக எழுதுங்கள். மீதி நான்கும் ஒரே அட்டையிலேயே இருக்கட்டும்.

லாஸ்பேட்டை: ஆங்கியில் எட்டு முறை தப்பானால் அதுவே ஒதுக்கிவைக்கும்.

பழைய உறுப்பினர்: பென்சில் புள்ளியும் அதைத்தானே செய்தது.