50 சதவீதம் காட்டிவிட்டால் கணக்கே வேண்டாமா? 44ADA-வில் இருப்பவர்கள் கண்டதைச் சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறை_வெப்

வெப்சைட், சாஃப்ட்வேர் வேலையைத் தனியாக எடுத்துச் செய்பவர்களுக்கான கேள்வி. வருமான வரிச் சட்டத்தின் 44ADA பிரிவில் மொத்த வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் செலவு பில் எதுவும் வைக்க வேண்டாம் என்கிறார்கள். சரி, வரவுக்கு என்ன வைக்க வேண்டும்? பேங்க் ஸ்டேட்மெண்ட் போதாதா?

2025-26க்கு நிலவரம் இது. கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று, பத்து சதவீதம் டிடிஎஸ் பிடித்துக்கொண்டு தருகிறது. அமெரிக்க கிளையன்ட் ஒருவர், ஃப்ரீலான்ஸ் தளம் வழியாக. பாலக்காடு, சித்தூர் பக்கத்துக் கடைகள் யுபிஐயில் போடுகின்றன, சில சமயம் கையில் காசு. எல்லாம் ஒரே சேவிங்ஸ் அக்கவுண்ட். அதே அக்கவுண்டில் அப்பா செக்கில் போட்ட 4,00,000 ரூபாயும், முதிர்ந்த எஃப்டி 1,50,000 ரூபாயும் இருக்கின்றன. வருஷத்தில் உள்ளே வந்தது மொத்தம் 20,53,000. அந்த ரெண்டையும் கழித்தால் 15,03,000. அதைத்தானே மொத்த வரவு என்று போட வேண்டும்?

வாளையாறு_டோல்

ஆமாங்க, பேங்க்ல வந்ததுதான் வரவு. பாதி காட்டிட்டு நிம்மதியா இருங்க. புக்ஸ் வேண்டாம்னு சட்டமே சொல்லுது. ஆனா ரெண்டு விஷயம் கவனம். ஒரு தடவை 44ADA-விட்டு வெளிய போனா அஞ்சு வருஷம் திரும்ப வர முடியாது. அப்புறம் நீங்க கேரளா, கிளையன்ட் தமிழ்நாடு. மாநிலம் தாண்டி பில் போட்டா முதல் ரூபாயிலிருந்தே ஜிஎஸ்டி ரிஜிஸ்ட்ரேஷன் கட்டாயம்.

மீனாட்சிபுரம்_கணக்கு

வாளையாறு அண்ணா சொன்னதில் புக்ஸ் விஷயம் மட்டும் சரி. மற்றதைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த 15,03,000. 44ADA ஃபைல்களில் வருகிற நோட்டீஸில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

மொத்த வரவு என்பது நீங்கள் பில் போட்ட தொகை. அக்கவுண்டுக்கு வந்து சேர்வது பிடித்தம் போக மிச்சம். உங்கள் பில்களை எடுத்துக் கூட்டிப் பாருங்கள். கம்பெனிக்குப் போட்டது 6,00,000, தளத்தின் வழி 8,40,000, கடைகள் யுபிஐ 2,10,000, கையில் வாங்கியது 30,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 16,80,000.

இதில் கடைசி மார்ச் பில் 50,000. அதற்கான பணம் 45,000 ஏப்ரலில்தான் வரும். ஆக கம்பெனியிடமிருந்து வருஷத்துக்குள் வந்தது 5,50,000-க்கான பணம், 55,000 டிடிஎஸ் போக 4,95,000. தளம் தன் கமிஷன் 42,000 எடுத்துக்கொண்டு 7,98,000 அனுப்பியது. யுபிஐ 2,10,000. மூன்றையும் கூட்டினால் உங்கள் 15,03,000 வந்துவிடுகிறது. அதன் மேல் டிடிஎஸ் 55,000, கமிஷன் 42,000, கைக்காசு 30,000, மார்ச் பில் 50,000 சேர்த்தால் 16,80,000. இந்த ஒரு பக்கக் கணக்கை எழுதி ஃபைலில் வையுங்கள். உங்களிடம் இருக்க வேண்டிய முதல் ரெக்கார்டு இதுதான்.

தளத்தின் கமிஷனை வரவிலிருந்து கழித்துக் காட்ட முடியாது. அது செலவு. செலவுகளுக்கெல்லாம் சேர்த்துத்தான் அந்தப் பாதியை விட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

15,03,000 என்று போட்டால் எப்படி மாட்டும்? கம்பெனி 6,00,000 தந்ததாக 26AS என்ற டிடிஎஸ் பட்டியலில் ஏற்றியிருக்கும். முழு 60,000 டிடிஎஸ்ஸையும் கேட்டுவிட்டு, அதற்கான வரவைக் குறைத்துக் காட்டினால் ரிட்டர்ன் குறையுள்ளது என்று 139(9) நோட்டீஸ் வரும், ரீஃபண்டும் நிற்கும். உங்களுக்கு ரீஃபண்ட் சின்னத் தொகை இல்லை. 16,80,000-இல் பாதி 8,40,000. வேறு வருமானம் பெரிதாக இல்லாவிட்டால் புது முறையில் 87A தள்ளுபடியோடு வரி பூஜ்யம். 60,000-மும் திரும்ப வர வேண்டிய பணம்.

கொழிஞ்சாம்பாறை_வெப்

மார்ச் பில் பணம் ஏப்ரலில்தானே வருகிறது, அடுத்த வருஷத்தில் காட்டினால் தப்பா?

மீனாட்சிபுரம்_கணக்கு

தப்பில்லை. பணம் வந்த அன்று வரவு வைக்கிற முறை என்றால் இந்த வருஷம் 16,30,000. ஆனால் அந்த பில்லின் 5,000 டிடிஎஸ்ஸையும் இந்த வருஷம் கேட்கக்கூடாது. ITR-4-இல் டிடிஎஸ் அட்டவணையில் அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகும் கட்டம் இருக்கிறது, அங்கே போட வேண்டும். எந்த முறை எடுத்தாலும் வருஷா வருஷம் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. புக்ஸ் வேண்டாம் என்கிறோமே தவிர, அதே ITR-4 மார்ச் 31 அன்று கையிருப்புக் காசு எவ்வளவு, பேங்க் இருப்பு எவ்வளவு, வர வேண்டியது எவ்வளவு, தர வேண்டியது எவ்வளவு என்று கேட்கிறது. பலர் கையிருப்பு என்று வாய்க்கு வந்த ஒரு தொகையை அடித்துவிடுகிறார்கள். பின்னால் அக்கவுண்டில் கைக்காசு கட்டியதை விளக்கும்போது அந்த எண்தான் எதிரே வந்து நிற்கும். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, கடை பெயர், பில் நம்பர், தொகை எழுதினாலே போதும்.

நகரி_மொழிபெயர்ப்பு

இங்கே ஆந்திரப் பக்கம் தெலுங்கு, தமிழ் மொழிபெயர்ப்பு செய்கிறவர்கள் பலர் 44ADA-வில் 50 சதவீதம் போடுகிறார்கள். சிலர் 44AD-யில் 6 சதவீதம் போடுகிறார்கள். எது சரி?

மீனாட்சிபுரம்_கணக்கு

மேடம், உங்களுடையது தனிச் சிக்கல், கடைசியில் வருகிறேன். முதலில் அந்த அப்பா பணம்.

20,53,000 உள்ளே வந்திருக்கிறது, 16,80,000 காட்டியிருக்கிறார். அதிகாரி கேட்பது “உன் செலவு பில் எங்கே” என்று இல்லை. “இந்த 4,00,000 யாருடையது” என்று. பாதி லாபம் காட்டியதால் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. பதில் இல்லாவிட்டால் விளக்கம் இல்லாத பணம் என்று 69A-வில் வைப்பார்கள். 2025-26க்கு அதற்கு 60 சதவீத வரி, அதன் மேல் 25 சதவீத சர்சார்ஜ், செஸ், எல்லாம் சேர்த்து 78 சதவீதம். 4,00,000-க்கு 3,12,000 ரூபாய். இதில் தள்ளுபடி கிடையாது, கழிவும் கிடையாது.

அப்பா மகனுக்குக் கொடுப்பதற்கு வரி இல்லை. ஆனால் அது அப்பா பணம்தான் என்று காட்ட வேண்டும். அவருடைய பேங்க் ஸ்டேட்மெண்டில் அந்த செக் போன பக்கம், அவருக்கு அந்தப் பணம் வந்த வழி, அதாவது தோப்புக் குத்தகையோ நிலம் விற்றதோ அதன் காகிதம், வெள்ளைத்தாளில் அவர் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம். இதை இப்போதே வாங்கி வையுங்கள். ரெண்டு வருஷம் கழித்து நோட்டீஸ் வந்த பிறகு குத்தகைக்காரரைத் தேடிப் போவது பெரும்பாடு. எஃப்டிக்கு முடித்த ரசீது போதும். அதன் வட்டி தனியாக வருமானத்தில் வர வேண்டும். அதைப் பாதி போட முடியாது.

வாளையாறு_டோல்

வெளிநாட்டுப் பணத்துக்குப் பிரச்சினையே இல்லையே, இந்த ஊர்ல பாதி வீட்டுக்கு கல்ஃப்ல இருந்துதான் வருது.

மீனாட்சிபுரம்_கணக்கு

அதனால்தான் பிரச்சினை. நம் பக்கத்துக் கிளைகளில் வெளிநாட்டுப் பணம் என்றாலே குடும்பச் செலவுக்கு வந்தது என்று P1301 கோடு போட்டுவிடுகிற பழக்கம் உண்டு. சாஃப்ட்வேர் வேலைக்கான கோடு P0802. பில் ஒன்று சொல்லி, பேங்க் காகிதம் வேறு சொன்னால் ரெண்டையும் பொருத்திக் காட்டுகிற வேலை உங்கள் தலையில். பணம் வந்த வாரமே ரெமிட்டன்ஸ் அட்வைஸ் எடுத்துக் கோடைப் பாருங்கள். தப்பென்றால் உடனே எழுதிக் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள். தளத்தின் மாதாந்திர ஸ்டேட்மெண்டையும் இறக்கி வையுங்கள், கமிஷன் 42,000 அதில்தான் தெரியும்.

இனி அண்ணா சொன்ன ரெண்டு. ஐந்து வருஷத் தடை 44AD வியாபாரக்காரர்களுக்கு. 44ADA-வில் அப்படி இல்லை. ஒரு வருஷம் உண்மையிலேயே செலவு கூடி 35 சதவீதம்தான் லாபம் என்றால் அப்படியே காட்டலாம். ஆனால் மொத்த வருமானம் வரிவிலக்கு வரம்பைத் தாண்டினால் அந்த வருஷத்துக்கு முழு புக்ஸும் ஆடிட்டும் வேண்டும். ஜூலையில் முடிவெடுத்து, போன ஏப்ரலுக்கு கேஷ் புக் எழுத உட்காருவது சரிப்படாது.

ஜிஎஸ்டியில் மாநிலம் தாண்டினால் கட்டாயம் என்பது சரக்குக்கு. சேவைக்கு 20 லட்சம் வரை அந்தக் கட்டாயம் 2017-லேயே எடுக்கப்பட்டது. ஆனால் அந்த 20 லட்சத்தில் அமெரிக்க பில்லும் சேரும். உங்களுக்கு இன்னும் 3,20,000 இடம்தான் இருக்கிறது. 44ADA வரம்பு 50 லட்சம், கைக்காசு ஐந்து சதவீதத்துக்குள் என்றால் 75 லட்சம் என்பதால் ஜிஎஸ்டியும் அதுவரை வேண்டாம் என்று நினைக்க வேண்டாம். அது வேறு சட்டம்.

புதுநகரம்_சிவில்

உண்மை லாபம் 80 சதவீதம் இருந்தாலும் 50 காட்டினால் போதுமா சார்? ரெண்டு ஆடிட்டர் ரெண்டு பதில் சொல்கிறார்கள்.

மீனாட்சிபுரம்_கணக்கு

சட்ட வாசகம் 50 சதவீதம், அல்லது அதைவிடக் கூடுதலாகச் சம்பாதித்ததாக வரி கட்டுபவர் சொல்லும் தொகை. நாம் கூடுதலாகச் சொன்னால்தான் கூடுதல் என்று ஒரு தரப்பு. கூடச் சம்பாதித்தது தெரிந்தால் அதைக் காட்டத்தான் வேண்டும் என்று இன்னொரு தரப்பு. நடைமுறையில் நான் பார்ப்பது ஒன்றுதான். 8,40,000 காட்டிவிட்டு அதே வருஷம் 12 லட்சத்துக்கு இடம் வாங்கினால் மீதி எங்கிருந்து என்ற கேள்வி வரும். அப்போது “செலவு போக மிச்சம் கூடுதலாக இருந்தது” என்று சொல்ல பில்களும் ஸ்டேட்மெண்டும் கையில் இருக்க வேண்டும். சின்னச் செலவு பில்களையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள் என்று நான் சொல்வது இதற்காக.

கொழிஞ்சாம்பாறை_வெப்

எத்தனை வருஷம் வைக்க வேண்டும்?

மீனாட்சிபுரம்_கணக்கு

அசெஸ்மெண்ட் வருஷம் முடிந்து ஆறு வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புக்ஸ் எழுதுகிறவர்களுக்கு உள்ள கணக்கு அது, நமக்கும் பாதுகாப்பு. ஏப்ரல் வந்ததும் பேங்க் ஸ்டேட்மெண்ட், 26AS, AIS மூன்றையும் PDF-ஆக இறக்கி வையுங்கள். யுபிஐ ஆப்பில் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். போன் மாற்றினால் பழைய விவரம் கிடைப்பது நிச்சயமில்லை. ஸ்டேட்மெண்டிலோ யுபிஐ ஐடி மட்டும்தான் இருக்கும், எந்தக் கடை என்று இருக்காது. பக்கத்தில் பில் நம்பரைக் குறித்து வையுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதுச் சட்டம், அதில் இந்த விதி 58-ஆம் பிரிவுக்குப் போய்விட்டது. 2025-26 ரிட்டர்ன் பழைய பிரிவுகளின்படியே.

நகரி மேடம், 44ADA-வுக்கு ஒரு பட்டியல் உண்டு. வக்கீல், டாக்டர், இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், கணக்கர், டெக்னிகல் கன்சல்டன்ட், இன்டீரியர், சினிமாக் கலைஞர், ஐடி போன்றவர்கள். மொழிபெயர்ப்பு அதில் இல்லை.

நகரி_மொழிபெயர்ப்பு

அப்படியானால் 44AD-யில் 6 சதவீதம்தானே?

மீனாட்சிபுரம்_கணக்கு

அது வியாபாரத்துக்கு. மொழிபெயர்ப்பு ஒருவரின் சொந்தத் திறமையில் நடப்பது, வியாபாரம் இல்லை என்று சொல்ல இடமிருக்கிறது. கம்பெனி தொழில்முறைக் கட்டணம் என்று 194J-இல் டிடிஎஸ் பிடித்திருந்தால் 6 சதவீதத்தைத் தாங்கிப் பேசுவது இன்னும் கஷ்டம். நான் சாதாரண முறையில் செலவு பில்லோடு போடச் சொல்வேன்.

புதுநகரம்_சிவில்

எங்கள் பக்கம் ஆடிட்டர் ஒருவர் ஆளை வைத்து ஏஜென்சி மாதிரி நடத்தும் மொழிபெயர்ப்பாளருக்கு 44AD தாராளமாகப் போடலாம் என்கிறார். மேடம் தனியாகச் செய்கிறார்களா, ஆள் வைத்தா?

நகரி_மொழிபெயர்ப்பு

கேட்டவர்களில் ரெண்டு மாதிரியும் இருக்கிறார்கள். ஆள் வைத்திருப்பவர்களின் பில்லைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.